சீன மெனு பிடிஎஃப் எடிட்டரில் இணைத்து, சுருக்கி, எழுத்தறிந்தபின் வரும் கோளாறுகள்

என்னிடம் நான்கு கோப்புகள் இருந்தன. ஒன்று, ஸ்கேன் செய்த 40 பக்கத் தமிழ் ஆவணம். வண்ணத்தில், 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல், மொத்தம் 60 எம்பி. இரண்டாவது, கணினியிலேயே தட்டச்சு செய்த 12 பக்க அறிக்கை. மற்ற இரண்டும் ஒரே விண்ணப்பப் படிவம், வெவ்வேறு ஆட்களுக்காக நிரப்பியது. நான்கையும் ஒன்றாக்கி, 15 எம்பிக்குள் அடக்கி, உள்ளே சொல்லைத் தேடக்கூடிய கோப்பாகத் தர வேண்டும்.

கையில் இருந்த எடிட்டரின் மெனு முழுக்கச் சீனம். குத்துமதிப்பாகப் பொத்தான்களை அழுத்தி, முதலில் சுருக்கினேன், அப்புறம் இணைத்தேன், கடைசியில் எழுத்தறிதலை, அதாவது படத்தில் உள்ள எழுத்தைத் தேடக்கூடிய எழுத்தாக்கும் வேலையை, ஓட்டினேன். 6 எம்பியில் கோப்பு வந்தது. எட்டி நின்று பார்த்தால் குறை ஒன்றும் தெரியாது. ஆனால் தேடினால் ஒரு தமிழ்ச் சொல்கூட அகப்படவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் மெய்யெழுத்துகள் பலவற்றில் புள்ளியைக் காணோம். போதாததற்கு, இரண்டு படிவத்திலும் ஒரே ஆளின் பெயர். அந்த ஒரு கோப்பில் பட்ட பாட்டை வைத்தே கீழே உள்ளதை எழுதுகிறேன்.

## எந்தப் பொத்தான் எது என்றே தெரியவில்லை

முதலில் மெனுவைத் தமிழோ ஆங்கிலமோ ஆக்க முடியுமா என்று பாருங்கள். 首选项, 偏好设置, 设置 இந்த மூன்றில் ஏதாவது ஒன்றுதான் அமைப்புகள் பக்கம். சில எடிட்டர்களில் `Ctrl+K` அடித்தாலும் அது திறக்கும். அதற்குள் 语言 என்று இருந்தால் அதுதான் மொழி. மாற்றியபின் செயலியை மூடித் திறக்க வேண்டியிருக்கும். சீனாவுக்குள் விற்பதற்கென்றே வந்த பதிப்பாக இருந்தால் இந்த 语言 வரி இல்லாமலும் போகலாம். அப்படியானால் சீனத்தோடேயே குடித்தனம் நடத்த வேண்டியதுதான்.

அதற்கு ஒரு கைப்பிடி இருக்கிறது. விண்டோஸில் ஓடும் சீனச் செயலிகளில், மெனுச் சொல்லின் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஓர் ஆங்கில எழுத்து நிற்பது வழக்கம்: 文件(F), 编辑(E), 视图(V), 工具(T), 帮助(H). நமக்குப் பழகிய ஆங்கில மெனுவின் முதல் எழுத்துகள்தான் அவை. F கோப்பு, E திருத்தம், T கருவிகள். உரையாடல் பெட்டியில் 是(Y) என்றால் ஆம், 否(N) என்றால் இல்லை. 确定 சரி, 取消 ரத்து. `Ctrl+O`, `Ctrl+S`, `Ctrl+F`, `Ctrl+Z` எல்லாம் எந்த மொழி மெனுவிலும் அதே வேலையைத்தான் செய்யும்.

நம் வேலைக்கு மூன்று சொற்களை முகம் பார்த்து அடையாளம் கண்டால் போதும். 合并 இணைப்பு. 压缩 சுருக்கம். 识别 அறிதல், 文字识别 என்றோ OCR识别 என்றோ இருந்தால் எழுத்தறிதல். வேலை முடிந்ததும் வரும் செய்தியில் 成功 இருந்தால் முடிந்தது, 失败 இருந்தால் தோற்றது. 另存为 என்பது வேறு பெயரில் சேமி. இந்தக் கடைசிச் சொல்லைக் கொஞ்சம் அழுத்தி மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 保存 அடித்தால் அசல் கோப்பின் மேலேயே எழுதிவிடும், சுருக்கிய கோப்பை மறுபடி விரிக்க வழியே இல்லை.

会员 என்ற சொல் எட்டிப் பார்த்தால், அந்த வசதி சந்தா கட்டியவர்களுக்கு மட்டும். 水印 என்றால் பக்கத்தின் மேல் பதியும் நீர்க்குறி. இலவசப் பதிப்பில் சேமிக்கும்போதுதான் அது வந்து உட்காரும். இருநூறு பக்கத்தை ஓட்டிவிட்டு அதைக் கண்டுபிடிப்பதைவிட, இரண்டு பக்கத்தில் முதலில் சோதித்துவிடலாம். 正在上传 என்று வந்தால் உங்கள் கோப்பு வெளியே ஒரு சர்வருக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. ரகசிய ஆவணம் என்றால் உடனே 取消.

## இணைக்கும்போது கோப்பு சேரவில்லை, அல்லது சேர்ந்தபின் வரிசை மாறியிருக்கிறது

கோப்பைச் சேர்த்ததும் 失败 வருகிறதா? இரண்டு காரணங்கள் அடிக்கடி வருபவை. ஒன்று, கோப்பின் பெயர். பழைய சீனச் செயலிகள் சில, கோப்புப் பெயரைச் சீன எழுத்துக் குறியீட்டிலேயே படிக்கப் பார்க்கும். தமிழில் பெயர் வைத்த கோப்பு அங்கே `????.pdf` ஆகிவிடும், அப்படி ஒரு கோப்பே இல்லை என்று அது கைவிரித்துவிடும். கோப்பை `01.pdf`, `02.pdf` என்று மாற்றி, பெயரில் தமிழ் இல்லாத ஒரு ஃபோல்டரில் வைத்தால் சரியாகிவிடும். இன்னொன்று, பூட்டு. 密码 அல்லது 加密 என்ற சொல் செய்தியில் இருந்தால் கோப்பு கடவுச்சொல்லால் பூட்டப்பட்டது. திறந்து படிக்க முடிகிற கோப்பில்கூட மாற்றுவதற்கு மட்டும் தடை போட்டிருக்கலாம். அதற்கு உரிய கடவுச்சொல்லை உரியவரிடம் கேட்டு வாங்கித்தான் ஆக வேண்டும்.

வரிசைக் குழப்பத்துக்குக் காரணம் எளிது. பெயரை எழுத்தெழுத்தாக வரிசைப்படுத்தும் செயலியில் 1-க்குப் பிறகு 10 வரும், 2 அதற்கும் பின்னால். பெயரை `01`, `02` என்று இரண்டு இலக்கத்தில் வைத்தால் தீர்ந்தது. 上移 மேலே நகர்த்தும், 下移 கீழே.

## இணைத்தபின் இரண்டு படிவத்திலும் ஒரே பெயர்

இதில்தான் நான் நன்றாக ஏமாந்தேன். நிரப்பக்கூடிய பிடிஎஃப் படிவத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் உள்ளே ஒரு பெயர் இருக்கும். பிடிஎஃப் விதிப்படி ஒரே கோப்புக்குள் ஒரே பெயரில் இரண்டு கட்டங்கள் இருந்தால் அவை ஒரே கட்டம், மதிப்பும் ஒன்றே. ஒரே படிவத்தின் இரண்டு பிரதிகளை இணைத்தால் முதல் ஆளின் விவரம் இரண்டாமவரின் பக்கத்திலும் ஏறிவிடுகிறது, அல்லது தலைகீழாக. சில எடிட்டர்கள் இணைக்கும்போது கட்டங்களுக்குத் தாமாகவே வேறு பெயர் கொடுத்துத் தப்பிவிடும். எல்லாம் அப்படிச் செய்வதில்லை.

தீர்வு, இணைப்பதற்கு முன்பே படிவத்தைத் தட்டையாக்குவது. அதாவது நிரப்பிய எழுத்துகளைக் கட்டத்திலிருந்து பிரித்துப் பக்கத்தின் பகுதியாகவே ஒட்டிவிடுவது. மெனுவில் 扁平化 அல்லது 拼合 என்று தேடுங்கள். இல்லையென்றால் 打印 (அச்சிடு) போய், அச்சுப்பொறியாக `Microsoft Print to PDF` தேர்ந்து புதுக் கோப்பாக எடுத்தாலும் அதே பலன். தட்டையானபின் கட்டத்துக்குள் கர்சரை வைக்க முடியாது. அதுதான் வேலை நடந்ததற்கு அடையாளம்.

டிஜிட்டல் கையொப்பம் இட்ட கோப்பு என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். இணைத்தாலும் தட்டையாக்கினாலும் சுருக்கினாலும் கையொப்பம் செல்லாமல் போகும். அதைத் தனியாகவே அனுப்புங்கள்.

## சுருக்கினால் அளவு குறையவே இல்லை

எது இடத்தை அடைக்கிறது என்று தெரியாமல் சுருக்கினால் இப்படித்தான். ஸ்கேன் பக்கம் என்பது ஒரு படம். ஏ4 தாளை 300 டிபிஐயில் எடுத்தால் 2480 × 3508 பிக்சல்கள், அதாவது சுமார் 87 லட்சம். டிபிஐயைப் பாதியாக்கி 150 ஆக்கினால் நீளமும் அகலமும் பாதியாகும், பிக்சல்கள் கால்பங்காகும். அளவு சரிவது இதனால்தான். கணினியில் தட்டச்சு செய்த பிடிஎஃப்பில் இந்தப் படமே கிடையாது. எழுத்துருவும் எழுத்துகளும் மட்டுமே. அதில் குறைக்க என்ன இருக்கிறது? சில சமயம் ஒரு சுற்று கூடவும் செய்யும்.

பக்கங்களை நீக்கியும் அளவு குறையவில்லையா? 保存 அடிக்கும்போது பல எடிட்டர்கள் மாற்றத்தைக் கோப்பின் கடைசியில் ஒட்டிவைக்கும், நீக்கிய பக்கம் உள்ளேயே கிடக்கும். 另存为 கொடுத்துப் புதுக் கோப்பாக எடுத்தால் பெரும்பாலும் இளைத்துவிடும்.

சந்தேகம் இருந்தால் பாப்ளர் என்ற பிடிஎஃப் கருவித்தொகுப்பை நிறுவிவிட்டு, கட்டளைச் சாளரத்தில் இதை ஓட்டிப் பாருங்கள்:

```
pdfimages -list 01.pdf
```

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி வரும். `x-ppi` என்ற நிரலில் 300 என்றிருந்தால் சுருக்க இடம் இருக்கிறது. 100-க்குப் பக்கத்தில் இருந்தால் அந்தக் கோப்பை ஏற்கெனவே யாரோ பிழிந்துவிட்டார்கள் என்று அர்த்தம். தலைப்புக்குக் கீழே வரியே வரவில்லை என்றால் படமே இல்லை.

## சுருக்கியபின் புள்ளிகள் காணாமல் போகின்றன

சீனத்துக்கும் ஆங்கிலத்துக்கும் தேர்ந்துவைத்த அமைப்பு தமிழைக் கடிக்கும் இடம் இது. ஆங்கிலத்தில் i-யின் மேல் உள்ள புள்ளி போனாலும் சொல் புரிந்துவிடும். தமிழில் புள்ளி போனால் ‘க்’ ‘க’ ஆகிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். 12 பாயின்ட் அளவில் அச்சான எழுத்து, 300 டிபிஐயில் சுமார் 50 பிக்சல் உயரத்துக்குள் அடங்கும். மெய்யின் புள்ளி அதில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் 5 பிக்சல். 150 டிபிஐயில் இரண்டரை. 72 டிபிஐயில் ஒரே பிக்சல், அதுவும் மங்கலாக. சுருக்கப் பெட்டியில் 高, 中, 低 என்று மூன்று இருந்தால் உயர்வு, நடு, தாழ்வு. ஆனால் எதன் உயர்வு என்பதை முதலில் பாருங்கள். பக்கத்தில் 质量 இருந்தால் தரம், ஆகவே 低 தேர்ந்தால் படம் கெடும். 压缩 இருந்தால் சுருக்கத்தின் அளவு, அங்கே 高 தேர்ந்தால்தான் கெடும். நான் தலைகீழாகப் புரிந்துகொண்டது இதைத்தான்.

எண்ணாகவே கேட்கும் பெட்டி என்றால் இன்னும் நல்லது. 分辨率 என்பது டிபிஐ. தமிழ் எழுத்துக்கு 150-க்குக் கீழே இறங்காதீர்கள், சிறிய எழுத்தில் அடிக்குறிப்புகள் இருந்தால் 200. அதற்குப் பதிலாக வண்ணத்தைக் குறைத்து இடத்தை மிச்சப்படுத்தலாம்: 彩色 வண்ணம், 灰度 சாம்பல், 黑白 கறுப்பு-வெள்ளை. முத்திரையின் நிறம் முக்கியமில்லை என்றால் சாம்பல் போதும்.

黑白 அளவை வெகுவாகக் குறைக்கும், ஆனால் எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. கறுப்பு-வெள்ளைப் படத்துக்கான ஜேபிக்2 சுருக்கத்தில் ஒரு வகை, ஒன்றைப்போல் ஒன்று தெரியும் வடிவங்களை ஒரே வடிவமாக்கி எல்லா இடத்திலும் அதையே ஒட்டும். 2013-ல் ஜெர்மன் கணினியியலர் டேவிட் கிரீசல், அலுவலக நகலெடுப்பு இயந்திரங்கள் இதனாலேயே 6-ஐ 8 ஆக மாற்றி வைப்பதைக் காட்டினார். மங்கலாகியிருந்தால் கண்ணில் பட்டுவிடும். இதுவோ பளிச்சென்று, தவறாக இருக்கும்.

இன்னொரு கள்ளன் 去噪. ஸ்கேனில் விழுந்த தூசுப் பொட்டுகளைத் துடைக்கும் வசதி. அதன் கண்ணுக்குத் தூசும் புள்ளியும் ஒன்றுதான். இந்தப் பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். எழுத்தறிதல் பெட்டிக்குள்ளும் சில சமயம் இது ஒளிந்திருக்கும்.

போன புள்ளி திரும்ப வராது. அசல் கோப்பிலிருந்து மறுபடி தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

## எழுத்தறிதல் 成功 என்கிறது, தேடினால் ஒன்றும் இல்லை

எழுத்தறிதல் பொதுவாக இரண்டு அடுக்குக் கோப்பைத் தரும். சீனத்தில் 双层PDF என்பார்கள். மேலே பழைய படம் அப்படியே நிற்கும், கீழே கண்ணுக்குத் தெரியாமல் எழுத்து. தேடலும் நகலெடுப்பும் கீழ் அடுக்கில்தான் நடக்கின்றன. ஆகவே பக்கத்தைப் பார்த்து எதையும் தீர்மானிக்க முடியாது. ஒரு பத்தியைத் தேர்ந்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். என்ன வந்து விழுகிறது என்பதுதான் நோயைச் சொல்லும்.

சீன எழுத்துகளும் கிறுக்கலுமாக வந்தால், 识别语言 (அறியும் மொழி) என்ற இடத்தில் 简体中文, அதாவது எளிய சீனம், இருந்திருக்கிறது. தமிழ்ப் பக்கத்தைச் சீனம் என்று நம்பிப் படித்தால், ஒவ்வொரு எழுத்துக்கும் அதற்குக் கிட்டத்தட்ட ஒத்த ஒரு சீன எழுத்தைத் தேடிப் பிடித்துவிடும். ஆங்கில ஆவணத்திலும் இதன் வால் தெரியும். எண்கள் `１２３` என்று அகலமாக வரலாம். நாம் `123` என்று தேடினால் கிடைக்காமல் போகலாம். ஆங்கிலத்துக்கு 英语 அல்லது 英文 தேர்ந்தெடுக்க வேண்டும்.

தமிழுக்கு 泰米尔语. பட்டியலில் தேடும்போது கவனம்: 泰语 என்பது தாய்லாந்தின் தாய் மொழி, 泰卢固语 தெலுங்கு. மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. 泰-ஐக் கண்டதும் சொடுக்கிவிட்டால் தாய் மொழிக் கிறுக்கல்தான் கிடைக்கும். நடுவில் 米 இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் அது இல்லவே இல்லை என்றால், அந்த எடிட்டரின் எழுத்தறிதலை விட்டுவிடுங்கள். வேறு எந்த மொழியைத் தேர்ந்தாலும் தமிழ் வராது. டெசராக்ட் என்ற இலவச எழுத்தறி இயந்திரத்துக்குத் தமிழ் தெரியும். அதைக் கொண்டு பிடிஎஃப்பில் எழுத்து அடுக்கு சேர்க்கும் கருவி `ocrmypdf`. உபுண்டு லினக்ஸில் இப்படி:

```
sudo apt install ocrmypdf tesseract-ocr-tam
ocrmypdf -l tam+eng --skip-text all.pdf all-ocr.pdf
```

`tam+eng` என்றால் தமிழும் ஆங்கிலமும் கலந்த பக்கம். `--skip-text` ஏற்கெனவே எழுத்து உள்ள பக்கங்களைத் தொடாமல் தாண்டிவிடும். சீனக் கிறுக்கல் அடுக்கு ஏற்கெனவே ஏறிய கோப்பு என்றால் அதற்குப் பதிலாக `--redo-ocr`. பழைய மறை அடுக்கை உரித்துவிட்டுப் புதிதாகப் போடும். அசல் ஸ்கேன் கையில் இருந்தால் அதிலிருந்து தொடங்குவதே சுத்தம்.

நோட்பேடில் தொடர்பில்லாத ஆங்கில எழுத்துகள் வந்து விழுந்தால் அது எழுத்தறிதலின் குற்றமாக இல்லாமலும் இருக்கலாம். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு அப்படித்தான் இருக்கும்: திரையில் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்து. கருவியைப் பொறுத்தவரை அங்கே எழுத்து இருக்கிறது, அதனால் பக்கத்தைத் தாண்டிவிடும். அந்தக் கோப்பை மட்டும் தனியே எடுத்து `--force-ocr` கொடுங்கள். அது பக்கத்தைப் படமாக்கிவிட்டுப் படிக்கும். அளவு கூடும், எழுத்தின் கூர்மையும் கொஞ்சம் குறையும்.

பக்கத்தின் தோற்றமே சிதறிப்போயிருந்தால் வெளியீட்டு வகையில் 可编辑 தேர்ந்திருப்பீர்கள். அது படத்தை எடுத்துவிட்டு, அறிந்த எழுத்தையே பக்கத்தில் வைக்கும். 可搜索 என்று தொடங்கும் வகை வேண்டும். படத்தை விட்டுவைத்து அடியில் எழுத்தை வைப்பது அதுதான்.

## மறுபடி, சரியான வரிசையில்

என் தவறு வரிசையில்தான். சுருக்கிய படத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால், புள்ளியில்லாத எழுத்தைத்தான் அது படிக்கும். எழுத்தறிதலுக்கு 300 டிபிஐ அசல் வேண்டும். அதனால் சுருக்கம் எப்போதும் கடைசி.

இரண்டாம் முறை, இரு படிவங்களையும் முதலில் தட்டையாக்கினேன். நான்கு கோப்புக்கும் `01` முதல் `04` வரை பெயர் வைத்து 合并 செய்து, 另存为 மூலம் `all.pdf` எடுத்தேன், 62 எம்பி. என் எடிட்டரின் பட்டியலில் 泰米尔语 இல்லாததால் மேலே உள்ள கட்டளையை வெளியே ஓட்டினேன். 12 பக்க அறிக்கையை அது தாண்டிவிட்டது, ஸ்கேன் பக்கங்களை மட்டும் படித்தது. வந்த கோப்பை நோட்பேடில் ஒட்டிச் சோதித்தேன். ‘ர’வும் துணைக்காலும் சில இடங்களில் இடம் மாறியிருந்தன. அது மறை அடுக்கில்தான், தேடலுக்குப் பெரிய கெடுதி இல்லை.

பிறகு எடிட்டருக்குத் திரும்பி 压缩: 150 டிபிஐ, 灰度, 去噪 இல்லாமல். 11 எம்பி வந்தது. முதல் முறை கிடைத்த 6 எம்பியைவிடப் பெரியதுதான், ஆனால் வரம்புக்குள் இருந்தது.

சுருக்கியபின் இன்னொரு தடவை தேடிப் பார்த்தேன். சில சுருக்கக் கருவிகள் பக்கம் முழுவதையும் புதுப் படமாக்கி, எழுத்தறிந்த அடுக்கைத் தூக்கி எறிந்துவிடும். அப்படி ஆகியிருந்தால் அந்தக் கருவியை விட்டுவிட்டு, படங்களை மட்டும் சுருக்கும் 优化 என்ற வகையைத் தேட வேண்டும். எனக்கு அடுக்கு தப்பித்திருந்தது. கடைசியாக, எண்கள் நிறைந்த ஒரு பக்கத்தை 400 சதவீதம் பெரிதாக்கி, அசல் ஸ்கேனோடு பக்கத்தில் வைத்து ஒவ்வொரு 6-ஐயும் 8-ஐயும் சரிபார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.